சாவி தாமதமானால் வட்டி கேட்பது எப்படி: எந்த அடிப்படையில், எந்தச் சொற்களில்?

கேள்வி: சென்னைப் புறநகரில் 1,050 சதுர அடி அடுக்குமாடி வீட்டுக்கு 2022 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டேன். 2024 மார்ச் 31-க்குள் வீடு, அதற்கு மேல் ஆறு மாதம் சலுகைக் காலம் என்று எழுதியிருந்தார்கள். 62 லட்சம் கட்டிவிட்டேன். கொரோனா, புயல், ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொன்ன பில்டர், இப்போது "ஒப்பந்தத்தில் உள்ளபடி சதுர அடிக்கு மாதம் ஐந்து ரூபாய் தருகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். பணி நிறைவுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. நான் எதை, எப்படி எழுதிக் கேட்க வேண்டும்?

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்குச் சட்டம் தருவது பில்டரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த சலுகைத் தொகை அன்று. அது மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகும் வட்டி. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின், அதாவது ரெரா சட்டத்தின், 18(1) பிரிவு இரண்டு வழிகளைத் திறந்துவைக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீடு வராவிட்டால், திட்டத்திலிருந்து விலகிக் கட்டிய பணத்தை வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பப் பெறலாம்; விலக விரும்பாதவர், அப்பிரிவின் வரம்புரைப்படி, அதாவது அதோடு சேர்த்து எழுதப்பட்ட நிபந்தனை வாசகத்தின்படி, சுவாதீனம் ஒப்படைக்கப்படும் நாள் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். உங்களுக்கு வீடு வேண்டும் என்பதால் இரண்டாவது வழியே உங்களுடையது. கடிதத்தில் இரண்டையும் கலந்து, "பணத்தைத் திருப்பித் தாருங்கள் அல்லது வட்டி தாருங்கள்" என்று எழுதுவது கோரிக்கையைப் பலவீனமாக்கும்.

தமிழ்நாட்டு விதிகளின்படி இந்த வட்டி விகிதம், பாரத ஸ்டேட் வங்கி கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதங்களில் மிக உயர்ந்ததோடு இரண்டு விழுக்காடு கூட்டியது. அந்த விகிதத்தை வங்கியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; இங்கே கணக்குக்காக மொத்தம் 11 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சலுகைக் காலம் நிபந்தனை ஏதுமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் தாமதம் 2024 அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. கட்டிய 62 லட்சத்தில் 58 லட்சம் அந்தத் தேதிக்கு முன்பும், கடைசித் தவணையான 4 லட்சம் 2025 ஏப்ரல் 1-லும் செலுத்தப்பட்டதாகக் கொள்வோம். 2026 மார்ச் 31 வரையிலான 18 மாதங்களுக்கு 58 லட்சத்தின் வட்டி 9,57,000 ரூபாய். பிந்திக் கட்டிய 4 லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 44,000 ரூபாய். ஆக 10,01,000 ரூபாய். பில்டர் தருவதாகச் சொல்லும் ஐந்து ரூபாய்க் கணக்கில் இதே 18 மாதங்களுக்குக் கிடைப்பது 94,500 ரூபாய் மட்டுமே. உங்கள் கையெழுத்துக்கு அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

பிந்திக் கட்டிய தவணைக்கு அதைக் கட்டிய நாளிலிருந்துதான் வட்டி கேட்க வேண்டும். மொத்தத் தொகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி போட்டு எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு பிழையைக் காட்டி உங்கள் முழுக் கணக்கின் மீதும் ஐயத்தை எழுப்புவார். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் பிரிபடாத மனைப் பங்குக்கு ஒரு பத்திரமும், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் போடும் வழக்கம் உண்டு. மனைப் பங்கைத்தான் பத்திரம் செய்து கொடுத்துவிட்டோமே, கட்டுமானத் தொகைக்கு மட்டும் வட்டி கேளுங்கள் என்று பில்டர் வாதிடக்கூடும். வீடு இல்லாமல் மனைப் பங்கால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டுக்கான விலையின் பகுதிகள். ஆகவே இரண்டுக்குமான ரசீதுகளையும் தேதிவாரியாக ஒரே அட்டவணையில் சேர்த்து, இவை ஒரே பரிவர்த்தனை என்பதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

அடுத்து, அவர் சொல்லும் காரணங்கள். உங்கள் ஒப்பந்தம் 2022 மார்ச்சில் ஆனது. கொரோனாவின் முதல் இரண்டு அலைகளும் அதற்கு முன்பே வந்து போய்விட்டன. எல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் அந்தத் தேதியை ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலைப் பொறுத்தவரை, சட்டத்தின் 6-ஆம் பிரிவு போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் ஆகியவற்றையும் பிற இயற்கைச் சீற்றங்களையும் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது திட்டப் பதிவின் காலத்தை ரெரா ஒழுங்குமுறை ஆணையம் நீட்டிப்பது பற்றி. பதிவை நீட்டித்ததாலேயே உங்கள் ஒப்பந்தத்தில் வீடு தருவதாகச் சொன்ன தேதி மாறிவிடாது. தாமதத்தை ஒப்பந்தத்தில் சொன்ன அந்த ஒப்படைப்புத் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதை மும்பை உயர் நீதிமன்றம் நீல்கமல் ரியல்டர்ஸ் வழக்கில் 2017-லேயே கூறியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2021 நவம்பர் 11-இல் நியூடெக் வழக்கில், 18-ஆம் பிரிவின் கீழ் வாங்குபவருக்குள்ள உரிமை எதிர்பாராத நிகழ்வுகளையோ நீதிமன்றத் தடைகளையோ சார்ந்தது அன்று என்று கூறிவிட்டது. ஆள் பற்றாக்குறை அந்த இயற்கைச் சீற்றப் பட்டியலில் சேராது.

ஐந்து ரூபாய் விதியில் நீங்களே கையெழுத்திட்டீர்களே என்ற கேள்வி வரும். 2019-இல் பயனீர் அர்பன் வழக்கில், ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட விதிகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெங்களூருத் திட்டம் ஒன்று பற்றிய 2020 ஆகஸ்ட் 24 தீர்ப்பு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேயும் சதுர அடிக்கு ஐந்து ரூபாய்தான் விதி. நீதிமன்றம் அதற்கு மேல் ஆண்டுக்கு 6 விழுக்காடு எளிய வட்டியை இழப்பீடாக வழங்கியதோடு, கிரயப் பத்திரம் பெற்றுக்கொண்டதால் மட்டும் இழப்பீட்டு உரிமை போய்விடாது என்றும் கூறியது. ஆனால் பில்டரோடு தனியே சமரசப் பத்திரம் எழுதிக்கொண்டவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. முதலிலேயே கையெழுத்து வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

உங்கள் வாடகையையும் வீட்டுக்கடன் வட்டியையும் சேர்த்துக் கேட்கலாமா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வட்டியை வழங்குவது ஒழுங்குமுறை ஆணையம். அதற்குப் படிவம் எம். இழப்பீட்டை நிர்ணயிப்பவர் தீர்ப்பளிக்கும் அலுவலர். அதற்குப் படிவம் என். இந்தப் பிரிவினையையும் நியூடெக் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. ஆகவே படிவம் எம்-இல் மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதுவதால் பயனில்லை. தனி இழப்பீடு கேட்பதானால் வாடகை ஒப்பந்தம், வங்கி வழியாகச் செலுத்திய வாடகைக் கணக்கு போன்ற ஆதாரங்கள் கையில் இருக்க வேண்டும். அப்போதும், திட்டத்தில் நீடிப்பவருக்கு 18(1) வட்டியை மட்டுமே சொல்கிறது என்ற வாதத்தை எதிர்கொள்ள நேரிடும். ஒரே தவறுக்குப் பல தலைப்புகளில் இழப்பீடு கூடாது என்று 2019-இலும், பணத்துக்கான வட்டிக்கு மேல் வாங்குபவரின் கடன் வட்டியையும் பில்டர் மீது ஏற்ற முடியாது என்று 2025-இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. என் கருத்தில், நீங்கள் முதலில் வட்டிக் கோரிக்கையை மட்டும் தூய்மையாக முன்வைப்பதே நல்லது; கடன் வட்டியைச் சேர்க்கவே வேண்டாம்.

இனி வாசகங்கள். "தயவுகூர்ந்து உரிய தொகையைப் பார்த்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கும் கடிதங்களை அடிக்கடி பார்க்கிறேன். அது தொகையை முடிவு செய்யும் உரிமையைப் பில்டரிடமே ஒப்படைத்துவிடுகிறது. பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பும் உங்கள் அறிவிப்பின் மையப் பகுதி இப்படி அமையலாம்:

"2022 மார்ச் மாத ஒப்பந்தத்தின்படி, சலுகைக் காலம் உட்பட, 30.09.2024-க்குள் வீட்டின் சுவாதீனத்தை ஒப்படைக்கத் தாங்கள் கடமைப்பட்டிருந்தீர்கள். அவ்வாறு ஒப்படைக்கவில்லை. நான் திட்டத்திலிருந்து விலகவில்லை. ஆகவே ரெரா சட்டத்தின் 18(1) பிரிவின் வரம்புரைப்படி, இணைப்பு அட்டவணையில் கண்ட தொகைகளுக்கு, 01.10.2024 முதல் அல்லது அதன்பின் செலுத்தப்பட்ட தவணைகளுக்கு அவை செலுத்தப்பட்ட நாள் முதல், பணி நிறைவுச் சான்றிதழ் பெற்றுச் சட்டப்படி சுவாதீனம் ஒப்படைக்கப்படும் நாள் வரை, விதிக்கப்பட்ட விகிதத்தில் வட்டி செலுத்துமாறு கோருகிறேன். ஒப்பந்தத்தின் ஐந்து ரூபாய் விதியை என் உரிமைக்கு முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை."

இதில் "பணி நிறைவுச் சான்றிதழ் பெற்று" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். சான்றிதழும் தீயணைப்புத் துறை அனுமதியும் இல்லாமல் சாவி தர முன்வருவது முறையான ஒப்படைப்பு ஆகாது என்று 2024-இல் ஆக்ரா வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தச் சொற்கள் இல்லாவிட்டால், சாவி தருவதாகக் கடிதம் அனுப்பிய நாளோடு வட்டி நின்றுவிட்டது என்று பில்டர் வாதிடுவார். சான்றிதழ் வந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால் நகல் கேளுங்கள். கட்டடம் இன்னும் கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை.

அறிவிப்பில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டால் rera.tn.gov.in தளத்தின் வழியாகப் படிவம் எம்-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் கேட்கும் பரிகாரமும் மேற்கண்ட அதே சொற்களில் இருக்கட்டும்; இன்றைய தேதி வரையான தொகையை எண்ணில் எழுதி, "அதன்பின் ஒப்படைக்கும் நாள் வரை மாதந்தோறும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தவணைகளில் நீங்கள் எதையாவது தாமதமாகக் கட்டியிருந்தால் அதை மறைக்காமல் நீங்களே அட்டவணையில் காட்டிவிடுங்கள். அந்தத் தாமதத்துக்கு அவர் உங்களிடம் வட்டி கேட்கலாம், ஆனால் அந்த விகிதமும் அவர் உங்களுக்குத் தர வேண்டிய விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆணை உங்களுக்குச் சாதகமாக வந்து பில்டர் மேல்முறையீடு செய்தால், உங்களுக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் அவர் முதலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராவிட்டால், நில வருவாய் நிலுவையைப் போல அதை வசூலிக்க 40-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

புகார் நிலுவையில் இருக்கும்போதே சான்றிதழ் வந்துவிட்டால், வட்டிக்காக வீட்டை வாங்காமல் இருக்காதீர்கள். சான்றிதழ் வந்த இரண்டு மாதங்களுக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்வது 19-ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. அன்று அவர்கள் நீட்டும் ஒப்புகைத் தாளில், "தாமதத்திற்கான வட்டி, இழப்பீடு குறித்த என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் சுவாதீனம் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்படவே எழுதித் தேதியிட்டு, அதன் நகலோடு வெளியே வாருங்கள். அதை எழுத அனுமதிக்க மறுத்தால், அன்றே அதே வாசகத்தைப் பில்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.