ஆண்டுக் கட்டணமா, மாதக் கட்டணமா: ஜிம் கணக்கு

"அண்ணா, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். டவுனில் உள்ள ஜிம்மில் மாதம் 90 வெள்ளி, ஒரே தடவையாகக் கட்டினால் ஆண்டுக்கு 780 வெள்ளி என்கிறார்கள். ஒரு நாள் மட்டும் வந்தால் 10 வெள்ளி. வாரத்தில் நான்கு நாள் போக எண்ணம். ஆண்டுக்கே கட்டிவிடலாமா?"

தம்பி, வாரம் நான்கு நாள் போவது உறுதியானால் யோசிக்கவே வேண்டாம். ஆண்டுக்கு ஏறக்குறைய இருநூறு தடவை. தடவைக்கு நான்கு வெள்ளிகூட ஆகாது. ஆனால் அந்த நான்கு நாள் என்பது இன்றைய உற்சாகத்தில் போட்ட கணக்கு. நீங்கள் இன்னும் இந்த ஆலையில் ஒரு முழு ஆண்டைப் பார்க்கவில்லை.

இங்கே பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பழம் குவியும். வெட்டிய குலையை வைத்திருந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் குறையும். அதனால் லாரி வர வர அவித்து ஆட்டியாக வேண்டும். ஓவர்டைம் நன்றாகக் கிடைக்கும், கால் மட்டும் ஜிம் பக்கம் போகாது. அடுத்து தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள். புதிதாக வருகிறவர்களின் ஓர் ஆண்டு அநேகமாக இப்படித்தான் இருக்கும்: பிப்ரவரியில் 12 தடவை, மார்ச்சில் 10, ஏப்ரலில் 8, மே, ஜூன் மாதங்களில் ஆறு ஆறு, ஜூலையில் 5. பழக் காலத்து மூன்று மாதமும் சேர்த்து 7. நவம்பரில் ஒன்றுமில்லை. டிசம்பரில் 3, புத்தாண்டுச் சபதத்தின் புண்ணியத்தில் ஜனவரியில் 6. ஆக 63 தடவை.

780 வெள்ளியை 63 ஆல் வகுத்தால் தடவைக்கு 12 வெள்ளி 40 காசு. வாசலில் பத்து வெள்ளி கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர் உங்களைவிட மலிவாகப் பயிற்சி செய்கிறார்! ஆண்டுக் கட்டணத்தை மாதக் கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. ஒன்பது மாதம் கட்டினாலே 810 வெள்ளி ஆகிவிடுமே, அப்படியானால் ஆண்டுக் கட்டணம்தான் லாபம் என்று தோன்றும். கவுண்டரில் இருப்பவரும் அந்தக் கணக்கைத்தான் சொல்வார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. மாதத்தில் ஒன்பது தடவைக்குக் குறைந்தால் மாதக் கட்டணம் நாள் கட்டணத்திடம் தோற்கும். ஆண்டில் 78 தடவைக்குக் குறைந்தால் ஆண்டுக் கட்டணமும் தோற்கும். மேலே சொன்ன அதே ஆளுக்கு, பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கும் மாதக் கட்டணம் 180 வெள்ளி, மிச்சம் 41 தடவைக்கு நாள் கட்டணம் 410 வெள்ளி. மொத்தம் 590, தடவைக்கு 9 வெள்ளி 40 காசுதான்.

இது தோட்டப்புறத்து ஆட்களின் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவேடுகளை டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கு தடவைக்குச் சற்று அதிகமாகத்தான் போயிருக்கிறார்கள். தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே ஜிம்களில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஓர் ஆண்டு கடந்தும் உறுப்பினராகத் தொடர்ந்தவர்கள், ஆண்டுச் சந்தா எடுத்தவர்களைவிட மாதச் சந்தா எடுத்தவர்களில்தான் அதிகம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று மாதச் சந்தாவில் சேர்ந்தவர்கள் விலகவில்லை. காரணம், பணம் தானாகவே பிடிக்கப்பட்டது. நிறுத்த வேண்டுமானால் அவர்கள்தான் முயற்சி எடுக்க வேண்டும். கடைசியாகப் போனதற்கும் ரத்துசெய்ததற்கும் இடையில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் வீணாகக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே மாதக் கட்டணம் என்றால் கவுண்டரில் ரொக்கமாகவோ டூயிட்நவ் கியூஆரிலோ நீங்களே போய்க் கட்டுவதாக இருக்கட்டும். கார்டு எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு மாதத்துக்குக் கட்டுங்கள். போகிற நாளையெல்லாம் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு மாதம் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த மாதம் நாள் கட்டணத்துக்கு மாறுங்கள். மாதம் விட்டு மறுபடி சேர்ந்தால் சேர்க்கைக் கட்டணம் திரும்பக் கேட்பார்களா என்பதை இப்போதே விசாரியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஐம்பது வெள்ளி கேட்டால் நாள் கட்டணத்திலேயே இருந்துவிடுவது மேல்.

பழக் காலத்திலும் மாதம் ஏழெட்டுத் தடவை போயிருந்தீர்களானால் ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி அப்போது பேசலாம். அன்றும் முதலில் உங்கள் வேலை பெர்மிட் முடியும் தேதியைப் பாருங்கள். ஐந்து மாதத்தில் முடிகிற பெர்மிட்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால், புதுப்பிப்பு தள்ளிப்போகும்போது மிச்சப் பணத்தைத் திருப்பிக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ஊருக்குப் போகும் மாதத்தை நிறுத்திவைத்துக் கடைசியில் சேர்த்துத் தருவார்களா என்பதையும் வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.