இளம்பச்சைச் சுவருக்கு முன்னால் எந்தச் சட்டை, எந்தப் புடவை?

கேள்வி: நானும் மனைவியும் லிங்க்ட்இன் படத்தை மாற்ற வேண்டும். ஸ்டுடியோவுக்குப் போகாமல் வீட்டிலேயே போனில் எடுக்கலாம் என்று இருக்கிறோம். வாடகை வீடு, எல்லாச் சுவரும் இளம்பச்சை. அவளுக்குப் புடவைதான் வசதி. என்னிடம் வெள்ளைச் சட்டையும் பொடிக் கட்டம் போட்டவையும்தான் அதிகம். எதை உடுத்தி, எங்கே நின்று எடுப்பது?

பதில்:

பீரோவைத் திறப்பதற்கு முன்னால் சுவரை முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் நல்ல சட்டையாகப் பார்த்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் எங்கே நிற்பது என்று வீட்டைச் சுற்றி வருவார்கள். சட்டையை மாற்ற ஒரு நிமிடம் போதும். சுவரை மாற்ற வீட்டுக்காரர் விடமாட்டார்.

அந்தப் படம் பெரும்பாலும் எந்த அளவில் பார்க்கப்படுகிறது என்பதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். தேடல் முடிவிலும் மெசேஜ் பட்டியலிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்த அளவில் கண்ணுக்குத் தெரிவது மூன்று திட்டுகள்: தலைமுடியோடு சேர்ந்த முகம், உடை, பின்னணி. முகம் மற்ற இரண்டிலிருந்தும் பிரிந்து தெரிய வேண்டும், கறுப்பு முடி பின்னணிக்குள் கரைந்துவிடக் கூடாது. ஆக, பின்னணி முடியைவிட வெளிச்சமாகவும் முகத்தைவிடச் சற்று மங்கலாகவும் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

இங்கேதான் இளம்பச்சை இடைஞ்சல் செய்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவர் மாநிறமான முகத்தைவிடப் பிரகாசமானது. சுவரில் சாய்ந்து நின்றால் போன் அந்தப் பிரகாசத்தைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் கறுத்துவிடும். படம் முழுக்கப் பச்சை நிறைந்திருந்தால் அதை ஈடுகட்ட போன் எதிர்ப்பக்கமாக நிறத்தைத் தள்ளவும் செய்யும். அப்போது முகத்தில் ஒரு ரோஸ் சாயல் ஏறும். வெள்ளைச் சுவர் என்றாலும் முகம் கறுக்கும் தொல்லை அப்படியேதான் இருக்கும். "வெள்ளைப் பின்னணிதான் புரொஃபஷனல்" என்பது பாஸ்போர்ட் படத்திலிருந்து வந்த பழக்கம், இதற்குப் பொருந்தாது.

இதைச் சரிசெய்யப் பெயின்ட் தேவையில்லை, தூரம் போதும். ஜன்னல் வெளிச்சம் தூரம் போகப் போகக் குறையும். ஜன்னலுக்குக் கிட்டே நீங்களும் எட்டச் சுவரும் இருந்தால் உங்கள் முகம் வெளிச்சமாகவும் சுவர் சாம்பல் கலந்த மங்கல் பச்சையாகவும் பதியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஜன்னல் குறுகலான சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனை அந்த ஜன்னலின் ஓரத்தில், சுவரை ஒட்டிக் கண் உயரத்தில் பிடிக்க வேண்டும். நீங்கள் அங்கிருந்து ஐந்து அடி தள்ளி, ஜன்னல் உங்களுக்கு முன்னால் சற்றுப் பக்கவாட்டில் வருமாறு நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் எதிர்ச்சுவர் வரை ஆறு அடி மிஞ்சும். உங்கள் நிழலும் சுவரில் விழாமல் தரையோடு போய்விடும்.

ஐந்து அடி என்பதைக் குறைக்காதீர்கள். இரண்டடிக்குள் வந்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். போனில் `2x` இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் சாதாரணமாக எடுத்து வெட்டிக்கொள்ளலாம், 12 மெகாபிக்சல் கேமராவில் வெட்டிய பிறகும் தளம் கேட்கும் 400 × 400 பிக்சலுக்கு மேல் தாராளமாக மிஞ்சும்.

டியூப்லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒரு நிறம், பல்பு இன்னொரு நிறம் என்றால் முகத்தின் ஒரு கன்னம் மஞ்சளாகிவிடும், பிறகு திருத்தவே முடியாது. நேர் வெயில் விழும் ஜன்னல் வேண்டாம். நிறமுள்ள திரையை முழுதாக ஒதுக்கிவிடுங்கள், மெல்லிய வெள்ளைத் திரை இருந்தால் இருக்கட்டும்.

பின்னால் இருப்பதைவிடப் பக்கச் சுவர்தான் முகத்தில் பச்சையைப் பூசும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னத்தை உற்றுப் பாருங்கள், தாடையோரம் பச்சை ஓடும். ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து நாற்காலி முதுகின் மேலோ கொடியிலோ, அந்தக் கன்னத்திலிருந்து இரண்டடி தள்ளி, படத்துக்குள் வராதபடி தொங்கவிடுங்கள். பச்சையையும் மறைக்கும், நிழலையும் கொஞ்சம் தூக்கிவிடும். அதே வேட்டியையோ பெட்ஷீட்டையோ பின்னணியாகக் கட்டலாமா என்று பலர் கேட்பார்கள். கட்டலாம், ஆனால் மடிப்புத் தடம் ஒவ்வொன்றும் கோடாகத் தெரியும், அதற்கு இஸ்திரி போட்டு நான்கு மூலையையும் இழுத்துக் கட்டும் பாட்டுக்கு மங்கிய பச்சைச் சுவரே மேல்.

நிற்கும் இடத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தேடுங்கள். காலண்டர் ஆணி, சுவிட்ச்போர்டு, கேபிள் ஒயர் ஆகியவை நேரில் கண்ணில் படாது, படத்தில் காதிலிருந்து முளைத்த மாதிரி தெரியும். ஆணியைப் பிடுங்க வேண்டாம், ஓரடி நகர்ந்தால் போதும். போர்ட்ரெய்ட் மோடு போட்டு எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடலாம் என்று தோன்றும். வெறும் சுவருக்கு அது தேவையே இல்லை. ஜிமிக்கி, மூக்குக்கண்ணாடியின் ஓரம், நெற்றியில் பறக்கும் முடி ஆகியவற்றை அது பாதி பாதியாகக் கடித்துவிடும்.

இனி உடை. மங்கிய பச்சைக்கு முன்னால் கருநீலம், அடர் மெரூன், கரிச் சாம்பல் மூன்றும் நன்றாக நிற்கும். மூன்றுமே முகத்தைவிட இருண்டவை, அதனால் கண் நேராக முகத்துக்குப் போகும். பச்சை, ஆலிவ் வேண்டாம், சுவரோடு போய்விடும். சந்தனம், பழுப்பு போன்ற தோல் நிறங்களும் வேண்டாம். சின்ன வட்டத்தில் கழுத்து எங்கே முடிகிறது, சட்டை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பளீர் சிவப்பில் இரண்டு சிக்கல்: அதன் நிறம் தாடைக்கு அடியில் அடிக்கும், மடிப்பும் நூலோட்டமும் கேமராவில் பதியாமல் ஒரே சிவப்பு அப்பலாகிவிடும்.

உங்கள் வெள்ளைச் சட்டையை ஒரேயடியாக ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். வெள்ளை கீழிருந்து வெளிச்சத்தைத் தாடைக்குத் தூக்கிக் கொடுக்கும், கழுத்து நிழல் குறையும். ஆனால் படத்திலேயே பிரகாசமான பொருள் சட்டையாகிவிடும் என்பதுதான் அதன் விலை. மேலே கருநீல பிளேஸர் போட்டு வெள்ளையைக் கழுத்தோர முக்கோணமாகச் சுருக்கினால் நல்லது மட்டும் மிஞ்சும். பிளேஸர் இல்லாவிட்டால் வெளிர் நீலச் சட்டை ஒன்று வாங்குங்கள். வெள்ளையேதான் என்றால் உள்ளே வெள்ளை பனியன் வேண்டாம். அதன் கையும் கழுத்து வளைவும் துல்லியமாகத் தெரியும், சாம்பல் நிற பனியன் தெரியாது.

பொடிக் கட்டத்தை விட்டுவிடுங்கள். நெருக்கமான கோடுகளும் கேமராவின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று சிக்கி, சட்டையில் இல்லாத அலை அலையான வளையங்கள் தோன்றும். முழுப் படத்தில் சரியாக இருந்தாலும் தளம் படத்தைச் சுருக்கும்போது அது கிளம்பும். சந்தேகமான சட்டை என்றால் படத்தைத் திரையில் மெல்லச் சுருக்கிப் பாருங்கள், நெஞ்சுப் பகுதி மினுமினுத்தால் அந்தச் சட்டை வேண்டாம்.

நெஞ்சு வரைதான் வரும் என்பதால் காலரும் தோளும் மட்டும் கச்சிதமாக இருந்தால் போதும். பொத்தான் போட்டபின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். மூன்று விரல் போனால் அது அண்ணன் சட்டை மாதிரி தெரியும். உடம்பு தொளதொள என்றால் துணி காயப்போடும் கிளிப் இரண்டை முதுகுப் பக்கம் மாட்டி இழுத்துவிடுங்கள். ஸ்டுடியோக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

புடவையில் நிறத்தைவிட ஜரிகையும் தோளும் முக்கியம். பட்டு ஜரிகை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். மயில் நீலமோ அரக்கோ, கரை ஒன்றரை அங்குலத்துக்குள் இருக்கிற பருத்திப் புடவை பாந்தமாக இருக்கும். புதுக் கஞ்சி போட்ட புடவை தோளில் விறைத்து நின்று கழுத்தைக் குட்டையாக்கும், ஒருமுறை உடுத்தியதை இஸ்திரி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். முந்தானையை நாலைந்து விரல் அகலத்துக்கு மடித்துத் தோளின் விளிம்பில் பின் குத்தினால் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். விரித்துப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் துணி மூட்டையாக இருக்கும். பிளவுஸ் முழங்கை வரை இருந்தால் நல்லது. ரொம்பச் சின்னக் கை என்றால் வட்டத்துக்குள் கை வராமல் வெறும் புஜம் மட்டும் நிற்கும்.

முன் கேமராவில் எடுக்காதீர்கள். சில போன்கள் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கும். முந்தானை வலது தோளில் கிடக்கும், உங்கள் சட்டைப் பை வலது பக்கம் போய்விடும். ஒருவரை ஒருவர் பின் கேமராவில் எடுத்துக்கொள்வதுதான் உங்கள் இருவருக்கும் சுலபம். எடுக்கிறவர் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடிக்கட்டும். வெளிச்சம் அந்த இடத்துக்குப் பூட்டிக்கொள்ளும், ஐபோனில் `AE/AF LOCK` என்று எழுத்து வரும். பிறகு சூரியன் குறியை மேலே லேசாக நகர்த்தினால் முகம் தெளியும். நெற்றி வெளுக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

நான்கைந்து படம் எடுத்தபின் ஒன்றைச் சதுரமாக வெட்டுங்கள். தலைக்கு மேல் ஒரு விரற்கடை இடம் விட்டு, கீழே நெஞ்சு நடுவில் முடியட்டும். மூலைகள் வட்டத்தில் போய்விடும் என்பதால் தோள் முழுதாக வர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். பிறகு போனிலேயே கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டு, கேலரியில் மிகச் சிறியதாகத் தெரியும் அளவுக்குச் சுருக்கிக் கை நீட்டிப் பாருங்கள். முகம் முதலில் தெரிந்தால் அந்த உடையும் அந்தச் சுவரும் சேர்கின்றன. சட்டை முதலில் தெரிந்தால் ஒரு படி இருண்ட சட்டை. சுவர் முதலில் தெரிந்தால் உடையைத் தொடாமல், சுவரை விட்டு இன்னும் ஓரடி ஜன்னல் பக்கம் வாருங்கள். எடுக்கிறவருக்கு அங்கே இடம் போதாவிட்டால் அறைக்கதவைத் திறந்து, தொலைவில் இருக்கும் அடுத்த அறைச் சுவரைப் பின்னணியாக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த அறை கும்மிருட்டாக இருக்கக் கூடாது, தலைமுடி அதற்குள் காணாமல் போய்விடும்.