மை பீய்ச்சும் துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. அவன் நண்பர்கள் எல்லாரும் பி.எஸ். 4 என்ற விளையாட்டுக் கருவியில் கால் ஆஃப் டூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அவன் அப்பாவின் பழைய பி.எஸ். 4 இருக்கிறது, ஆனால் அந்த விளையாட்டை நான் அனுமதிக்கவில்லை. “என்னை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை” என்று அழுகிறான். துப்பாக்கி விளையாட்டுகளிலேயே கார்ட்டூன் போல இருப்பது எதையாவது கொடுக்கலாமா? துபாயிலிருந்து வரும் என் தம்பி நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற இன்னொரு விளையாட்டுக் கருவி வாங்கி வருவதாகச் சொல்கிறான். இவற்றை விளையாடினால் பிள்ளை முரடனாகிவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.

ஒரு தாய், குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பயத்தை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். அதைப் பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கு முடியும் வரை உங்கள் மகன் பதின்மூன்று வயதிலேயே நிற்கப்போவதில்லை. கால் ஆஃப் டூட்டியை மறுத்தது சரிதான். அமெரிக்கத் தரக்குறியீடு அதைப் பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்கிறது, ஐரோப்பியக் குறியீடு பதினெட்டு என்கிறது. அதில் உறுதியாக நில்லுங்கள்.

ஆனால் “கார்ட்டூன் போல” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. படம் வண்ணமயமாக இருந்தால் பிள்ளைக்கு ஏற்றது என்று யார் சொன்னார்கள்? 2007-இல் வெளிவந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற விளையாட்டைப் பாருங்கள். கோமாளிகள் போன்ற பாத்திரங்கள், உருண்டை திரண்ட உருவங்கள், சிரிப்பூட்டும் வசனங்கள். கணினியில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் வெடி விழுந்தால் அந்தக் கோமாளியின் உடல் துண்டு துண்டாகச் சிதறும். அதற்கும் கால் ஆஃப் டூட்டிக்குக் கொடுத்த அதே பதினேழு வயதுக் குறியீடுதான். அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கும் பெற்றோர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பார்க்க வேண்டியது வேறு இரண்டு: சுடப்பட்டவனுக்கு அந்த விளையாட்டில் என்ன நேர்கிறது, வெற்றி எதைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. இதை நான் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்ததால்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளில் நான் வளர்ந்தேன். பள்ளி விட்டு வந்ததும் சோலை ஓரத்தில் கள்ளன் போலீஸ். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் துப்பாக்கி. “டுமீல்” என்று சொல்லிவிட்டால் சுடப்பட்டவன் பாறைமேல் போய் உட்கார வேண்டும், ஆட்டம் முடியும் வரை எழுந்திருக்கக் கூடாது. ஓட்டத்தில் மெதுவானவன் நான் என்பதால், மாலை முழுவதும் அந்த ஈரப் பாறையில் உட்கார்ந்திருப்பவனும் நானே. மஞ்சு இறங்கிவிட்டால் மற்றவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்றுகூடத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒருநாள் அடுத்த லைனைச் சேர்ந்த ஓர் அக்கா, செத்தவன் ஐம்பது வரை எண்ணிவிட்டுத் திரும்ப வரலாம் என்று சட்டத்தை மாற்றினாள். அன்றிலிருந்து அந்த விளையாட்டே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த அக்காவின் சட்டத்தோடு அமைந்த விளையாட்டுதான் நிண்டெண்டோவின் ஸ்ப்ளாட்டூன். அதன் மூன்றாம் பாகம் 2022-இல் ஸ்விட்சுக்காக வந்தது. அதன் முதன்மை ஆட்டத்தில் நான்கு பேருக்கு நான்கு பேர், மூன்று நிமிடம். துப்பாக்கியிலிருந்து குண்டு வராது, வண்ண மை பீய்ச்சும். எதிரியின்மேல் மை பட்டால் அவன் தெறித்து மறைந்து, சில நொடிகளில் தன் இடத்திலிருந்து மறுபடி கிளம்பி வருவான். உங்கள் அணியின் மையில் நீங்கள் கணவாயாக மாறி நீந்தலாம், அங்கேதான் துப்பாக்கிக்கு மையும் நிரம்பும்; எதிரியின் மையில் கால் வைத்தால் நடை தளரும். ஆட்டம் முடிந்ததும் ஒரு கொழுத்த பூனை கொடியைத் தூக்கித் தீர்ப்புச் சொல்லும். அது எண்ணுவது எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பதை அன்று, தரையில் எவ்வளவு பரப்பு உங்கள் நிறத்தில் இருக்கிறது என்பதை. குறி பார்க்கத் தெரியாதவன் உருளையை உருட்டிக்கொண்டு ஒரு மூலையில் தரைக்கு வண்ணம் பூசினாலும் அவன் அணி ஜெயிக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் ஆட்டத்துக்குள் பேசவும் வழியில்லை. “இந்தப் பக்கம் வா” என்பது போன்ற ஆயத்தக் குரல்கள் மட்டுமே உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் தரலாம் என்பது அமெரிக்கக் குறியீடு, ஐரோப்பாவில் ஏழு வயது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, உங்கள் தம்பி ஸ்விட்ச் வாங்கி வர வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். உங்கள் பிள்ளை அழுவது விளையாட்டுக்காக அன்று, சேர்த்துக்கொள்ளப்படாததற்காக. அவன் நண்பர்களிடம் ஸ்விட்ச் இல்லை. இணைய ஆட்டத்துக்குத் தனிச் சந்தாவும் கட்டிவிட்டு, ஜப்பானில் எங்கோ இருக்கும் யாரோ ஒருவனோடு தரைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தால், நான் பாறைமேல் உட்கார்ந்திருந்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்தப் பிள்ளைகளிடம் இருக்கும் அதே பி.எஸ். 4-இல் இலவசமாக, மாதச் சந்தாவும் இல்லாமல் ஓடுவது ஃபோர்ட்நைட் என்ற துப்பாக்கி விளையாட்டு. அமெரிக்கக் குறியீடு பதின்மூன்று, ஐரோப்பியக் குறியீடு பன்னிரண்டு. ரத்தம் இல்லை, தோற்றவனை ஒரு சிறு டிரோன் நீல ஒளியில் கரைத்துக் கொண்டுபோய்விடும். நால்வர் அணியில் அடிபட்டு விழுந்தவனைத் தோழன் தூக்கி நிறுத்தலாம். சுவர் கட்டிச் சண்டையிடுவது புதியவனுக்கு எரிச்சலூட்டும், ஆகவே 2022-இல் வந்த Zero Build என்ற கட்டுமானம் இல்லாத முறையில் தொடங்கட்டும். நண்பர்கள் அத்தனை பேரையும் மாற்ற முயல வேண்டாம். இருவர் அணியாகவே ஆடலாம் என்பதால் ஒரு நண்பன் வந்தால் போதும்.

ஆனால் அமெரிக்க வயதுக் குறியீடு, முன்பின் தெரியாதவர்கள் ஒலிவாங்கியில் பேசுவதை மதிப்பிடுவதே இல்லை. 2022 டிசம்பரில் இந்த விளையாட்டை நடத்தும் எப்பிக் நிறுவனம் அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்கைத் தீர்க்க மொத்தம் 52 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பிள்ளைகளுக்கும் குரல் உரையாடலைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஏமாற்றிப் பொருள் வாங்கவைத்தது இன்னொன்று. ஆகவே கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டை உண்மையாக எழுதுங்கள். Parental Controls பகுதியில் ஆறு இலக்க எண் ஒன்றை வைத்து, Voice Chat என்பதை Friends Only என்று மாற்றுங்கள். பணம் கட்டவும் புது நட்பைச் சேர்க்கவும் அந்த எண் வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். எண்ணை அவனிடம் சொல்லாதீர்கள்.

பயத்தில் குரலை அடியோடு அணைத்துவிடும் தாய்மார்களைத்தான் நான் அதிகம் திட்ட வேண்டியிருக்கிறது. நண்பன் “பின்னால் பார்” என்று கத்துவது கேட்காவிட்டால் அந்த ஆட்டத்தில் ஒன்றும் இல்லை, பிள்ளை வேறொருவன் கணக்கில் நுழைந்து விளையாடுவான், உங்கள் பூட்டெல்லாம் வீண். அமைத்தது வேலை செய்கிறதா என்று அறிய, முதல் வாரத்தில் ஒரு ஆட்டம் முழுக்க ஹெட்செட்டை நீங்கள் மாட்டிக்கொண்டு கேளுங்கள். பள்ளிக்கூடப் பையன்களின் குரல் தவிர வேறு குரல் வந்தால் எங்கோ தவறியிருக்கிறது. வெட்கப்பட்டு அவன் முறைப்பான், முறைக்கட்டும்.

மழைநாளில் நண்பன் வீட்டுக்கு வந்தால், 2016-இல் வந்த பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ் கார்டன் வார்ஃபேர் 2 இருக்கிறது. பட்டாணிச் செடி சுடும், சூரியகாந்தி காயம் ஆற்றும், டிவித் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். அதற்கு இரண்டாவது கண்ட்ரோலர் ஒன்று வேண்டும். துபாய்த் தம்பியிடம் அதைச் சொல்லுங்கள், பி.எஸ். 4-க்கானதுதானா என்று பெட்டியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், பி.எஸ். 5-க்கு உரியது இதில் வேலைக்கு ஆகாது.