வாட்டர்மார்க்கை வெட்டினா படம் நம்மோடது ஆயிருமா?

"பாளையங்கோட்டையில அல்வா கடை. டப்பா லேபிளுக்கு ஒரு ஸ்டாக் சைட்ல தாமிரபரணி படம் எடுத்து, கீழ்ஓரத்து வாட்டர்மார்க்கை கிராப் பண்ணிட்டேன். இனி பிரச்சினை இல்லல்லா அண்ணாச்சி?"

இருக்கு தம்பி. காசு கட்டாம இறக்குற அந்த முன்னோட்டப் படம், டிசைன்ல பொருந்துதான்னு வச்சுப் பார்க்கத்தான். அச்சடிக்கிற அனுமதி லைசென்ஸ் வாங்கினாத்தான் வரும். குறியை வெட்டுறதால வராது. மிச்சமிருக்க முக்கால் படமும் எடுத்தவரோடதுதான். போதாததுக்கு, உரிமைத் தகவலைத் தெரிஞ்சே நீக்குறது பதிப்புரிமைச் சட்டம் 65பி பிரிவுல தனிக் குற்றம். 2 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. கிராப் பண்ணின படத்தையும் கூகுள் லென்ஸ் பெரும்பாலும் கண்டுபிடிச்சிரும்.

அதே படம்தான் வேணும்னா லைசென்ஸ் வாங்குங்க. ஷட்டர்ஸ்டாக்ல சாதாரண லைசென்ஸே 5 லட்சம் பிரதி வரை அச்சடிக்க விடும். ஆனா Editorial Use Only, அதாவது செய்தி மாதிரி பயன்பாட்டுக்கு மட்டும்னு போட்டிருந்தா காசு கொடுத்தாலும் லேபிள்ல போடக்கூடாது. விக்கிமீடியா காமன்ஸ்ங்கிற இலவசப் படத் தளத்துல, எடுத்தவர் பேரைப் போட்டு யாரும் பயன்படுத்தலாம்ங்கிற CC BY லைசென்ஸ் படம் கிடைச்சா இலவசம். எடுத்தவர் பேரையும் லைசென்ஸ் பேரையும் லேபிள்ல சின்னதா அச்சடிக்கணும்.

என்னைக் கேட்டா, உள்ளூர் போட்டோகிராபரைக் காலையில குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போங்க. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, 17-ஆம் பிரிவுப்படி நீங்கதான் முதல் உரிமையாளர். பில்லுல 'லேபிளுக்காக எடுத்த படம்'னு எழுதி வாங்கிருங்க.