நன்றாக ஓடுகிற எஸ்எஸ்டிக்கு எதற்கு ஃபர்ம்வேர் அப்டேட்?

என் எஸ்எஸ்டி ஸ்லோவாகிவிட்டது. எந்த ஃபர்ம்வேர் போடலாம்?

எந்த எஸ்எஸ்டி? மாடலும் எழுதவில்லை, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. பவர்ஷெல்லில் இதை அடித்து, வருவதை அப்படியே அனுப்புங்கள்:

```
Get-PhysicalDisk | Select-Object FriendlyName, FirmwareVersion
```

அதுவரை, டிரைவ் 90 சதவீதம் நிரம்பியிருந்தால் கொஞ்சம் காலி செய்து பாருங்கள்.

சாம்சங் 980 ப்ரோ, 2 டிபி. ஃபர்ம்வேர் 3B2QGXA7. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. சாம்சங்கின் மெஜிஷியன் ஆப்தான் அப்டேட் செய் என்று நச்சரிக்கிறது. நன்றாக ஓடுவதை ஏன் நோண்ட வேண்டும்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. மானிட்டர், கீபோர்டு என்றால் நானும் உங்கள் கட்சிதான். எஸ்எஸ்டி கதை வேறு. அதில் மோசமான பிழைகள் எந்த அறிகுறியும் காட்டாது, சாகிற நாள் வரை டிரைவ் நன்றாகத்தான் ஓடும். 2019 நவம்பரில் எச்பிஇ தன் சர்வர் எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. 32,768 மணி நேரம், அதாவது சுமார் 3 வருடம் 9 மாதம், ஓடியதும் டிரைவ் செத்துவிடும், தரவும் திரும்பாது என்றது. அந்த எண் 2-இன் 15ஆம் அடுக்கு. மணிக்கணக்கை வைக்கிற இடம் நிரம்பி வழிந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு டிரைவ் செத்தாலும் தரவு தப்பட்டும் என்றுதான் பல டிரைவ்களை ரெய்டாகச் சேர்க்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் ரெய்டில் போட்ட டிரைவ்கள் ஏறக்குறைய ஒன்றாகவே சாகும், ரெய்டு இருந்தும் பயனில்லை. முந்தின நாள் கேட்டிருந்தால் அந்த அட்மினும் ‘நன்றாக ஓடுகிறது’ என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்களுடையதும் அந்த ஜாதிதான். 3B2QGXA7 இருந்த 2 டிபி டிரைவ்கள் சில திடீரென்று படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டன. அப்புறம் எழுதவும் முடியாது, விண்டோஸும் ஒழுங்காக ஏறாது. தீர்வு 5B2QGXA7. ஆனால் பூட்டிக்கொண்ட பிறகு அதைப் போட்டுப் பயனில்லை, முன்பே போட்டிருக்க வேண்டும்.

முதலில் பேக்கப், வேறொரு டிஸ்க்கில். அதே டிரைவின் டி பார்ட்டிஷனில் எடுத்துவிட்டு பேக்கப் என்று சொல்லாதீர்கள். பிட்லாக்கர் இருந்தால் ரிகவரி கீ கைவசம் இருக்கட்டும். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, மெஜிஷியனில் அப்டேட்டை அழுத்துங்கள். வேலை ஓரிரு நிமிடம்தான். முடிந்ததும் மெஷினை முழுதாக அணைத்துப் போட்டு, மேலே உள்ள கமாண்டில் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அப்டேட் ஏறவில்லை. அப்போது சாம்சங் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து முயலலாம்.

சாம்சங் 990 ப்ரோ வாங்கிச் சில மாதத்திலேயே ஹெல்த் 90-க்குக் கீழே போய்விட்டது. அப்டேட் செய்தால் 100 ஆகுமா?

ஆகாது. 2023 பிப்ரவரியில் வந்த 1B2QJXD7 வேகமாகச் சரிவதை நிறுத்தும், போனதைத் திருப்பாது. இன்னும் பழைய ஃபர்ம்வேரில் இருந்தால் இன்றே போடுங்கள். பேக்கப் எடுத்துவிட்டு.

லேப்டாப்போடு வந்த சாம்சங் எஸ்எஸ்டியை மெஜிஷியன் ஏற்கவில்லை.

அது ஓஇஎம் டிரைவ். ஃபர்ம்வேர் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில்தான் வரும். வேறு மாடலுக்கானதை வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம்.

மானிட்டர் அப்டேட் டூல் ‘மானிட்டர் இல்லை’ என்கிறது. எச்டிஎம்ஐ சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

எச்டிஎம்ஐ படத்துக்கு. பல மானிட்டர்களில் ஃபர்ம்வேர் யுஎஸ்பி வழியாகத்தான் ஏறும். மானிட்டரோடு வந்து, பெட்டியிலேயே தூங்குகிற அந்த யுஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டருக்கு மாட்டுங்கள். அதற்கு முன் உங்கள் மாடலுக்கு இந்த வசதி உண்டா என்று பாருங்கள். ஏலியன்வேர் AW3423DWF-ஐ வீட்டிலேயே அப்டேட் செய்யலாம், பெயரில் ஓர் எழுத்து குறைந்த AW3423DW-வில் முடியாது.

சரி, போடத்தான் வேண்டுமா? ரிலீஸ் நோட்டைப் படியுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழவில்லை, விஆர்ஆரில் மினுக்குகிறது என்று உங்கள் வீட்டுக் குறை அதில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். போடும்போது திரை கறுத்துப் போனால் பவரைப் பிடுங்காதீர்கள். பிரைட்னஸ், கலர் செட்டிங்குகளை முதலிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள், அவை அழிந்துபோகலாம்.

பழைய லாஜிடெக் வயர்லெஸ் கீபோர்டுக்கு அப்டேட் அவசியமா?

கீபோர்டுக்கு இல்லை, யுனிஃபையிங் டாங்கிளுக்கு அவசியம். ‘மவுஸ்ஜாக்’ ஓட்டை 2016-இல் வெளியே வந்தது. பக்கத்தில் இருக்கும் ஒருவர் ரேடியோ வழியாக உங்கள் கம்ப்யூட்டரில் கீ அழுத்தங்களை நுழைக்கலாம். லாஜிடெக் தளத்தில் அதற்கான டூல் இருக்கிறது. அது ஓடும்போது டாங்கிளைக் கழற்றாதீர்கள். கடையில் பழைய ஸ்டாக்கில் வாங்கிய புது டாங்கிளையும் ஒரு முறை சோதியுங்கள்.

கீபோர்டில் புது ஆர்ஜிபி எஃபெக்டுக்காக அப்டேட் செய்யலாமா?

வேண்டாம்.