மட்டக்களப்புத் தயிர் கொழும்புக்குப் போகும்போது

களுவாஞ்சிகுடியிலிருந்து: ஐயா, ஊரில் எங்கள் எருமைத் தயிரை வீடு தேடி வந்து வாங்குகிறார்கள். வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போனால் புளித்து, மேலே தண்ணீர் நிற்கிறது. உறையைக் குறைத்தால் சரியாகுமா?

ஓரளவு சரியாகும், தங்கச்சி. லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை போதும். ஆனால் பெரிய கோளாறு பயணத்தில் இருக்கும் என்றே நினைக்கிறேன். உறைந்த பிறகும் சூடு இருக்கும்வரை தயிர் புளித்துக்கொண்டே போகும். அந்த நிலையில் லொறியில் 300 கிலோமீற்றருக்கு மேல் குலுங்கினால் கட்டி வெடித்து நீர் பிரிகிறது. உறைந்ததும் சட்டிகளை 4 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, ஓர் இரவு அசையாமல் வைத்து, குளிர் வண்டியில் ஏற்றுங்கள். மண்சட்டி மெதுவாகத்தான் குளிரும். ஆகவே ஒரு சட்டியின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்.

அதே வார்ப்பில் ஒரு சட்டியை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். அது நன்றாக இருந்து கொழும்பில் கெட்டால் குறை வழியில். இரண்டிலும் நீர் விட்டால் பாலிலோ உறையிலோ தேடுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: சட்டி பாரம், உடையவும் செய்கிறது. பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறலாமா, அண்ணன்?

மாறாதீர்கள், தம்பி. மண்சட்டி நீரை உறிஞ்சுவதால்தான் தயிர் இறுகுகிறது. கொழும்பில் கேட்டு வருபவர் அந்த இறுக்கத்தைத்தான் தேடுகிறார். சிறிய சட்டிக்கு மாறி, உடைவை விலையில் சேருங்கள். ஒரு சட்டிக்கு 400 ரூபாய் செலவு என்று வையுங்கள். 100 சட்டிகளில் 5 உடைந்தால், 40,000 ரூபாயை மீதி 95தான் சுமக்க வேண்டும். அடக்கவிலை 421 ரூபாய். அந்த 21 ரூபாயைக் கணக்கில் எடுக்காமல் விலை பேசினால், எவ்வளவு விற்கிறீர்களோ அவ்வளவு கைநட்டம்.

மருதமுனையிலிருந்து: நாங்கள் கைத்தறிச் சாரம் நெய்கிறோம். 'மருதமுனைச் சாரம்' என்று பதிந்துவிட்டால் வேறு யாரும் அந்தப் பெயரில் விற்க முடியாதல்லவா?

ஊர்ப்பெயரை ஒருவர் மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்வது கடினம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின் கீழ் உங்கள் கடைக்கேயுரிய பெயரையும் சின்னத்தையும் பதியுங்கள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். தயிர்க்காரருக்கும் இதுதான் பதில்.

செங்கலடியிலிருந்து: எங்கள் மாமா பாலைக் குளிர்தாங்கியில் கொண்டுபோய்க் கொழும்பிலேயே உறையவைக்கிறார். ஒருவரும் வேறுபாடு சொல்லவில்லை. நீங்கள் ஏன் சட்டியைச் சுமக்கச் சொல்கிறீர்கள்?

உங்கள் மாமாவின் வழி தவறென்று சொல்லமாட்டேன். குலுக்கலும் உடைவும் இல்லாமல் போகும். ஆனால் கோடையில் எருமைப்பால் குறையும்போது, கொழும்புக் கூடத்தில் பசும்பாலைக் கலக்கும் ஆசை வரும். எருமைப்பாலில் கொழுப்பு சுமார் 7 வீதம், பசும்பாலில் சுமார் 4 வீதம். கலந்த தயிர் கரண்டியிலேயே தளர்ந்து தெரிந்துவிடும். பால் குறைந்த நாட்களில் சட்டிகளைக் குறையுங்கள், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மற்றப்படி, கொழும்பில் குடியிருக்கும் மட்டக்களப்புக் குடும்பங்களிடம் ஊரில் உறைந்த சட்டியையும் கொழும்பில் உறைந்த சட்டியையும் பெயர் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்வதை நானும் கேட்க விரும்புகிறேன்.