எனக்கு டீ குமட்டுது, அவங்களுக்கு காபி கரிக்குது

கேள்வி: கடலூர் முதுநகர்ல இருக்கேன். மீன் ஏலத்துக்காக விடியக்காலை 4 மணிக்கே துறைமுகம் போயிடுவேன். போனதும் வெறும் வயித்துல ஸ்ட்ராங்கா ஒரு டீ. கால் மணி நேரத்துல குமட்ட ஆரம்பிச்சிடும், ஆனா வாந்தி வராது. தினமும் கேஸ் மாத்திரை போட்டும் நிக்கல. என் மனைவிக்கு டீ ஒத்துக்குது, காலையில காபி குடிச்சா மட்டும் நெஞ்சு கரிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதானா டாக்டர்?

பதில்: இல்லை. உங்களைப் படுத்துவது பெரும்பாலும் டீயின் துவர்ப்பு. உங்கள் மனைவியைப் படுத்துவது அமிலம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடிக்கும் அல்லவா? பாக்கிலும் டீயிலும் இருக்கிற டானின் வகைப் பொருள்கள் செய்கிற வேலை அது. டானின் எங்கே புரதத்தைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். வாயில் எச்சிலின் வழவழப்புப் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு போகிறது. இரைப்பையில் சாப்பாடு இருந்தால் அதோடு ஒட்டி அடங்கிவிடும். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை 4 மணிக்கு டீ குடிக்கிறவருக்கு உள்ளே ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. துவர்ப்பு நேராக இரைப்பைச் சுவரை உறுத்துகிறது, குமட்டுகிறது.

ஸ்ட்ராங் டீ எப்படி வருகிறது என்று கடையில் நின்று பாருங்கள். துணி வடிகட்டியில் ஏற்கெனவே வெந்து கிடக்கிற தூள். அதன்மேல் இன்னும் ஒரு கரண்டித் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வடிப்பார்கள். டீயில் சுறுசுறுப்பைத் தருகிற கஃபீன் முதல் சில நிமிடங்களிலேயே பெருமளவு இறங்கிவிடும். அதற்குப் பிறகும் தூள் கொதிநீரில் ஊற ஊற இறங்கிக்கொண்டே இருப்பது துவர்ப்புதான். தூக்கம் கலைவதற்காகக் கேட்டு வாங்குகிற ஸ்ட்ராங்கில், நீங்கள் கேட்காத சங்கதிதான் அதிகம். பால் கொஞ்சம் காப்பாற்றும், ஏனென்றால் பாலின் புரதம் டானினில் ஒரு பங்கைத் தம்ளரிலேயே பிடித்துவிடுகிறது. ஆனால் ஸ்ட்ராங் என்று சொன்னதும் மாஸ்டர் டிக்காஷனைக் கூட்டிப் பாலைக் குறைக்கிறார். பிளாக் டீ என்றால் அந்தக் காவலும் கிடையாது.

காபியின் கதை வேறு. காபியே அமிலம், அதனால்தான் எரிகிறது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. இரைப்பையில் சுரக்கிற அமிலத்தோடு ஒப்பிட்டால் காபியின் புளிப்பு ஒன்றுமே இல்லை. காபி செய்வது தூண்டிவிடுகிற வேலை. அது உள்ளே போனதும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடி, இரைப்பை அமிலத்தைச் சுரக்கிறது. கஃபீன் நீக்கிய காபிகூட இதைச் செய்யும். அமிலம் வந்துவிட்டது, ஆனால் அரைப்பதற்கு உள்ளே இட்லியும் இல்லை, பழைய சோறும் இல்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் வாய்போல ஒரு தசைவளையம் உண்டு. சிலருக்குக் காபி அதைத் தளர்த்தியும் விடுகிறது. அமிலம் மேலே ஏறினால் நெஞ்சு கரிக்கும், புளித்த ஏப்பம் வரும்.

உங்கள் மனைவியிடம் ஒன்று கேளுங்கள். காபி குடித்த கையோடு குனிந்து கோலம் போடும்போதோ, பாத்திரம் தேய்க்கும்போதோ கரிப்பு கூடுகிறதா? கூடினால் மேலேறுகிற அமிலம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். முதலில் இரண்டு இட்லி, பிறகு காபி, குனிகிற வேலை எல்லாம் முடிந்த பிறகு காபி என்று மாற்றிப் பார்க்கட்டும். கரிப்புக்குப் பால் குடிக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. குடித்தவுடன் இதமாக இருக்கும்தான், ஆனால் பாலும் அமிலத்தைத் தூண்டுவதால் சற்று நேரத்தில் மறுபடி கரிக்கலாம்.

உங்களைப் போலவே ஒருவர் என்னிடம் வந்தார். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை, வயது 46. விடிகாலையில் லாரியில் சரக்கு இறங்குவதற்குள் இரண்டு ஸ்ட்ராங் டீ. மூன்று மாதமாகக் குமட்டல், கூடவே மேல்வயிற்றில் எரிச்சல். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையைத் தினமும் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை அது. ஒழுங்காகப் போட்டாலும் துவர்ப்பால் வருகிற குமட்டலை அது நிறுத்தாது.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். டீ கைக்கு வருமுன் இரண்டு பொறை அல்லது ஒரு பன் தின்றுவிட வேண்டும். டீயில் தோய்த்தல்ல, முன்னால். பிறகு லைட்டாக ஒரு டீ, அதுவும் நிதானமாக. மூன்றாவது நாளே குமட்டல் நின்றுவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. அது எனக்கு இடித்தது. துருவிக் கேட்டபோதுதான், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கை ராத்திரி வெறும் வயிற்றில் போடுகிறார் என்று தெரிந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் சிறு புண்கள் இருந்தன. டீயின் தலையில் பழியைப் போட்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார். வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்தோம். இரைப்பையில் புண் உண்டாக்குகிற ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் பரிசோதனை செய்தோம், அது இல்லை.

நீங்களும் அந்த ஒரு வாரச் சோதனையைச் செய்து பாருங்கள். ஏலக்கூடத்தில் பொறை கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் போதுமா என்று கேட்பீர்கள். குடிக்கலாம், ஆனால் டானின் ஒட்டிக்கொள்ளத் தண்ணீரில் எதுவும் இல்லை, பலன் கொஞ்சம்தான். வீட்டில் போடுகிற டீயென்றால் தூளைப் போட்டபின் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட வேண்டாம். ஆறியதைச் சூடுபண்ணிக் குடிப்பதையும் விடுங்கள். குமட்டலோடு கை நடுக்கமும் படபடப்பும் இருந்தால் அதில் கஃபீனின் பங்கும் உண்டு. அப்போது அளவையே குறைக்க வேண்டும்.

கேஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடராதீர்கள். வயிற்றில் ஏதாவது போட்ட பிறகும் குமட்டல் நிற்காவிட்டாலும், மலம் தார்போலக் கறுத்துப் போனாலும், வாந்தியில் ரத்தம் தெரிந்தாலும், சோறு இறங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்கினாலும், எடை தானாகக் குறைந்தாலும் அந்த ஒரு வாரச் சோதனை எதுவும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். கறுப்பு மலத்தில் மட்டும் ஒரு விலக்கு: இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு அதனாலேயே கறுக்கும். அந்த மாத்திரையையும் டீயோடு போடக் கூடாது, டானின் இரும்பையும் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் தொழிலை நினைத்து இன்னொன்று. மீன் கூடையோ ஐஸ் பெட்டியோ தூக்கும்போது குமட்டலோடு குப்பென்று வேர்த்து, நெஞ்சில் பாரம் வைத்ததுபோல இறுக்கி, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினால் அதை டீயின் கணக்கில் எழுதாதீர்கள். சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்து நிற்க வேண்டாம், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் உடனே இசிஜி எடுப்பார்களோ அங்கே போய்விடுங்கள்.